எந்தத் தலைப்பு, மேடம்?

டிசம்பர் கடைசி வாரத்தில் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்களின் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள் வரிசையாக இருக்கும். “ரெஸ்பெக்டட் மேடம், நாங்கள் ஃபைனல் இயர் மாணவர்கள். புராஜெக்டுக்கு இரண்டு தலைப்புகள் தேர்ந்தெடுத்திருக்கிறோம். எது நல்லது என்று தயவுசெய்து சொல்லவும். நன்றி.” அதற்குக் கீழே இரண்டு வரியில் இரண்டு தலைப்புகள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பதில் எழுத உட்காரும் பேராசிரியருக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அந்த நான்கு பேரிடம் என்ன கருவி இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, இதுவரை என்ன பார்த்தார்கள் என்று ஒன்றுமே அந்த மெயிலில் கிடையாது. அதனால் அவர் பெரும்பாலும் “நாளை மதியம் நேரில் வாருங்கள்” என்று ஒரு வரி எழுதுவார். நேரில் போனாலும் அதே கேள்விகள்தான் வரும். பதில் தெரியாமல் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டு தலைப்புகளைத் தராசில் வைக்கச் சொல்லிக் கேட்பவர், எடைக்கற்களையும் கூடவே அனுப்ப வேண்டும். அந்தக் கற்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க, சிவில் துறை மாணவி ஒருவர் தன் குழுவுக்காக எழுதும் மெயிலைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு சிவில் துறைகளில் அடிக்கடி அடிபடும் இரண்டு விஷயங்கள்தான் அவர்கள் கையில் இருக்கின்றன. ஒன்று, காங்கிரீட்டில் மணலுக்குப் பதிலாகத் தாமிரக் கசடு, அதாவது காப்பர் ஸ்லாக். மற்றொன்று, விடுதி வளாகத்தில் உள்ள மழைநீர் சேகரிப்புக் குழிகள்.

மாணவி எழுதியது இது:

“மதிப்பிற்குரிய மேடம், நாங்கள் நான்கு பேர். தலைப்புப் படிவம் ஜனவரி 5-க்குள் தர வேண்டும். மார்ச் முடிவுக்குள் சோதனைகள் முடிந்தால்தான் ஏப்ரல் வைவாவுக்கு அறிக்கை தயாராகும்.

முதல் தலைப்பு: எம் 25 காங்கிரீட்டில் மணலுக்குப் பதில் காப்பர் ஸ்லாக், 0, 20, 40, 60, 80, 100 சதவீதம். ஆறு கலவைகள். ஒவ்வொன்றுக்கும் 7-ஆம் நாளில் மூன்று கியூப், 28-ஆம் நாளில் மூன்று கியூப் என மொத்தம் 36. ஒரு கியூப் 8 கிலோ என்றால் ஏறக்குறைய 290 கிலோ காங்கிரீட். வீணாவதையும் சேர்த்தால் இரண்டு மூட்டை சிமென்ட் வேண்டும். லேபில் எங்களுக்கு ஆறு மோல்டுகள், வாரம் ஒரு நாள் கிடைக்கும் என்று லேப் அண்ணன் சொன்னார். ஜனவரி 20-ல் தொடங்கினால் ஆறாவது கலவை பிப்ரவரி 24-ல் போடுவோம். அதன் 28-ஆம் நாள் மார்ச் 24. காப்பர் ஸ்லாக் எங்கே கிடைக்கும் என்று இன்னும் உறுதியாகவில்லை.

இரண்டாவது தலைப்பு: விடுதிக் கட்டடத்தின் மழைநீர் குழிகள் இப்போது எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகின்றன என்று அளப்பது. மொட்டை மாடி 400 சதுர மீட்டர். 30 மி.மீ. மழை பெய்தால் அதில் விழுவது 12,000 லிட்டர். நான்கு குழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், அதாவது 1,500 லிட்டர். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை இருக்காது. லாரித் தண்ணீர் ஊற்றித்தான் சோதிக்க முடியும். எஸ்டேட் அலுவலக அனுமதி இன்னும் கேட்கவில்லை.

எங்களுக்கு இரண்டாவதில் ஆர்வம் அதிகம். ஆனால் முதலாவதுதான் பாதுகாப்பானது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா, மேடம்?”

முந்தைய மெயிலைவிட இது நீளம்தான். ஆனால் இதைப் படிக்க மூன்று நிமிடம் போதும், படித்து முடித்ததும் பதில் எழுதத் தொடங்கிவிடலாம். தெரியாததைத் தெரியாது என்று இரண்டு இடங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கடைசிக் கேள்வி “எது நல்லது” என்று அந்தரத்தில் நிற்கவில்லை, “பாதுகாப்பானது என்கிறார்களே, சரியா?” என்று ஒரே புள்ளியில் ஊன்றி நிற்கிறது. பேராசிரியரும் அந்தப் புள்ளியைத்தான் பிடிப்பார்.

சீனியர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கியூப் சோதனைக்கு வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். கலவை கணக்கிட ஐ.எஸ். 10262, சோதிக்க ஐ.எஸ். 516. மோல்டு 150 மி.மீ., நசுக்கும் இயந்திரம் லேபிலேயே இருக்கிறது. எம் 25-க்குக் கணக்குப்படி எட்ட வேண்டிய இலக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 31.6 நியூட்டன். கியூபின் ஒரு முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். ஆக, இயந்திரத்தின் முள் 711 கிலோ நியூட்டன் வரை ஏற வேண்டும். ஏறக்குறைய 72 டன் எடை. அந்தக் கட்டத்தில் கியூபின் பக்கங்கள் உதிர்ந்து, நடுவில் இரண்டு கூம்புகள் முனையோடு முனை ஒட்டியதுபோல மிஞ்சும். பார்க்கவும் நன்றாக இருக்கும், படமும் எடுக்கலாம், வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளருக்கும் பழகிய சமாச்சாரம்.

ஆனால் இந்தத் தலைப்பின் விடை ஏற்கெனவே இந்தியத் தரநிலைப் புத்தகத்தில் இருக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383, மணலுக்குப் பதில் காப்பர் ஸ்லாக்கைக் கம்பி இல்லாத காங்கிரீட்டில் 40 சதவீதம் வரையும், கம்பி கட்டிய காங்கிரீட்டில் 35 சதவீதம் வரையும் அனுமதிக்கிறது. இந்த மாணவர்கள் 36 கியூபை உடைத்து “40 சதவீதம் சிறந்தது” என்று எழுதினால், அச்சில் இருப்பதை மறுபடி எழுதியதாகத்தான் ஆகும். பொருள் கிடைப்பதும் சிக்கல். தூத்துக்குடியின் தாமிர உருக்காலை 2018-ல் மூடப்பட்டபின் அங்கே புதிதாகக் கசடு வெளிவருவதில்லை. சீனியர்களின் அறிக்கையில் இருக்கும் முகவரியை நம்பிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு பொருளைத் தேடி அலைவது நல்லதல்ல.

இன்னும் ஒரு கோளாறு உண்டு. இதை நிறைய குழுக்கள் கடைசிவரை கவனிப்பதே இல்லை. காப்பர் ஸ்லாக் மணலைவிடக் கனமானது. தண்ணீரைப்போல மூன்றரை மடங்கு எடை. மணல் சுமார் 2.65 மடங்குதான். 10 கிலோ மணலை எடுத்துவிட்டு 10 கிலோ கசடைப் போட்டால் எடை சரியாக இருக்கும், ஆனால் இடம் அடைக்காது. நூறு லிட்டர் மணல் இருந்த இடத்தில் 76 லிட்டர் கசடுதான் இருக்கும். அப்போது மொத்தக் காங்கிரீட்டின் கொள்ளளவு குறைந்து, அதே சிமென்ட் குறைந்த கொள்ளளவில் நெருங்கிவிடுகிறது. வலிமை கூடியதற்குக் கசடு காரணமா, கூடிப்போன சிமென்ட் காரணமா என்று பிறகு பிரிக்கவே முடியாது. மாற்றும்போது எடைக்கு எடை மாற்றாமல் கொள்ளளவுக்குக் கொள்ளளவு மாற்ற வேண்டும். தவறு நடந்திருந்தால் மோல்டு நிரப்பும்போதே தெரியும். வழக்கமாகச் சட்டியில் மிஞ்சுகிற காங்கிரீட் அன்றைக்குக் குறைவாக மிஞ்சும். கசடு அதிகமாகப் போட்டால் இன்னொன்றும் கண்ணுக்குத் தெரியும். அதன் பரப்பு கண்ணாடிபோல வழவழப்பானது, தண்ணீரைக் குடிக்காது. மணல் உறிஞ்சியிருக்கக்கூடிய நீர் மேலே வந்து மோல்டின் வாயில் குளம்போல நிற்கும்.

இதை எப்போது கண்டுபிடிப்பார்கள் என்பதுதான் கேள்வி. கியூபை உடைத்து எண்கள் குழம்பிய பிறகு என்றால் 28 நாள் போய்விட்டிருக்கும். மறுபடி போட இன்னொரு 28 நாள். இந்தத் தலைப்பில் ஒரு தவறின் விலை ஒரு மாதம். நாலு மாதப் புராஜெக்டில் அந்த விலையை ஒரு முறை கொடுக்கலாம், இரண்டாம் முறை முடியாது. சீனியர்கள் சொன்ன ‘பாதுகாப்பு’ இந்தக் கணக்கைப் பார்க்காமல் சொன்னது.

அடுத்தது, மழைநீர்க் குழி.

தமிழ்நாட்டில் 2003-ல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். தோண்டிய குழி இன்றைக்கும் தண்ணீர் இழுக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. மொட்டை மாடித் தூசியும் இலைச் சருகும் ஒவ்வொரு மழைக்கும் குழாய் வழியே இறங்கி, கூழாங்கல் இடுக்கில் வண்டலாகப் படிகின்றன. ஆகவே இந்த மாணவர்கள் கேட்கிற கேள்விக்கு எந்தத் தரநிலைப் புத்தகத்திலும் விடை கிடையாது. அந்த விடுதியின் அந்தக் குழியில் அளந்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட கேள்விதான் புராஜெக்டுக்கு ஏற்ற கேள்வி.

ஆனால் மாணவியின் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பேராசிரியரின் கண்ணில் அது உடனே படும். குழி 1,500 லிட்டர் என்று எழுதியிருக்கிறார். காலியான குழியென்றால் சரி. உள்ளே கூழாங்கல் நிரப்பியிருந்தால், கற்களுக்கு இடையில் உள்ள இடம்தான் தண்ணீருக்கு மிச்சம். அது சுமார் 40 சதவீதம் என்று வைத்தால் குழி கொள்வது 600 லிட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 10 லிட்டர் போனதாக எழுதுவார்கள், உண்மையில் போனது 4 லிட்டர். முடிவு இரண்டரை மடங்கு ஊதிப்போகும். 40 என்பதையும் நம்ப வேண்டியதில்லை. ஊற்றும் குழாயில் ஒரு வாட்டர் மீட்டரை மாட்டி, இத்தனை லிட்டருக்கு மட்டம் இத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று முதலில் குறித்துக்கொண்டால் குழியே தன் கணக்கைச் சொல்லிவிடும். மண்டிப்போன குழியில் இடைவெளி இன்னும் குறைவாக இருக்கும் என்பதால் இந்த அளவு தவிர்க்க முடியாதது.

மண் எப்படிப்பட்டது என்பது அதைவிடப் பெரிய விஷயம். களிமண்ணில் நீர் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. இறங்கும், மணல் பாங்கான மண்ணில் 30 மி.மீ.க்கு மேல். ஒரு சதுர மீட்டர் அடிப்பரப்பில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். அடிப்பரப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், 600 லிட்டர் வடிய மணலில் 20 மணி நேரம் போதும், நல்ல களிமண்ணில் ஐந்து நாளாவது ஆகும். பக்கவாட்டிலும் நீர் கசியும், நிற்கும் தண்ணீரின் பாரமும் தள்ளும் என்பதால் உண்மையில் வேகம் இதைவிடக் கூடும். இருந்தாலும் இந்த வித்தியாசம் மறையாது. மணல் பாங்கு என்றால் இன்று செய்த தவறை நாளை திருத்தலாம். களிமண் என்றால் இந்தத் தலைப்புக்கும் காங்கிரீட்டைப்போல நாள் கணக்கில் காத்திருப்பு வந்துவிடும். எனவே இரண்டு தலைப்பில் எது என்பதை முடிவுசெய்வது ஆர்வமும் அல்ல, சீனியர்களும் அல்ல. விடுதிக்குக் கீழே இருக்கும் மண்.

அதை அறியப் பெரிய சோதனை ஒன்றும் வேண்டாம். பேராசிரியரின் பதில் இப்படி வந்தது:

“கணக்கோடு எழுதியதற்குச் சந்தோஷம். இரண்டாவது தலைப்பின் பக்கம் நிற்கிறேன், ஆனால் இப்போதே கையெழுத்துப் போட மாட்டேன். முதலில் எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம், பிப்ரவரியில் ஆள் மாறினால் நின்றுவிடும்.

அனுமதி கிடைத்த அன்றே ஒரு குழிக்கு இரண்டு மீட்டர் தள்ளி, ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழம் தோண்டுங்கள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி ஊற்றுங்கள். மூன்றாவது குடம் வடியும் நேரத்தைத்தான் எழுத வேண்டும், முதல் குடத்தைக் காய்ந்த மண் குடித்துவிடும். அதே நாளில் மழைநீர்க் குழியையும் நிரப்பிப் பாருங்கள். இரண்டும் வடிந்தால் குழி நன்றாக இருக்கிறது, ஆராய ஒன்றுமில்லை. இரண்டும் வடியாவிட்டால் மண் களி, குழியைத் தூர்வாரிப் பயனில்லை. முதல் தலைப்புக்குத் திரும்பலாம். பக்கத்துக் குழி வடிந்து மழைநீர்க் குழி நின்றால், குற்றவாளி வண்டல். அதுதான் உங்கள் புராஜெக்ட். மேல் மண்ணும் ஒன்றரை மீட்டர் ஆழத்து மண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள், வைவாவில் கேட்பார்கள்.

தலைப்பைச் சுருக்குங்கள். ‘விடுதி வளாக மழைநீர் சேகரிப்பு ஆய்வு’ வேண்டாம். ‘தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் ஒரு மழைநீர்க் குழியின் உறிஞ்சு வேகம்’ போதும். இரண்டு குழிகளை எடுங்கள். ஒன்றைத் தூர்வாருங்கள், இன்னொன்றைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நாட்களில் அளங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மண் நாளுக்கு நாள் காயும். தூர்வாரியதால் வேகம் கூடியதா, மண் காய்ந்ததால் கூடியதா என்று தொடாத குழிதான் சொல்லும்.

ஒவ்வொரு குழியையும் முன்னால் ஐந்து முறை, பின்னால் ஐந்து முறை நிரப்புங்கள். அதில் முதல் இரண்டும் மண்ணை நனைக்க, மற்ற மூன்றும் அளக்க. 600 லிட்டர் வீதம் இரண்டு குழிக்கும் 12,000 லிட்டர். தண்ணீர்த் தட்டுப்பாடு வருவதற்குள் முடியுங்கள்.

காங்கிரீட்டை முழுவதும் விட்டுவிட வேண்டாம். ஏதாவது காரணத்தால் குழி வேலை நின்றால் 0, 20, 40 என்று மூன்று கலவையாகக் குறைத்து பிப்ரவரி 10-ல் முதலாவதைப் போட வேண்டும். 24-ல் மூன்றாவது, மார்ச் 24-ல் முடிவு. ஒன்று கெட்டுப்போனாலும் மார்ச் 31 வரை இடம் இருக்கிறது. பிப்ரவரி 10-க்குப் பிறகு மாற்ற நினைக்காதீர்கள்.”

கலவைகளைக் குறைக்கச் சொன்னதற்கு நாள் மட்டும் காரணமில்லை. ஒரே கலவையின் மூன்று கியூப்களே ஒன்றுபோல் உடைவதில்லை. சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்று தரநிலையே இடம் கொடுக்கிறது. இலக்கு 31.6 என்றால் அது மேலும் கீழும் கிட்டத்தட்ட 5 நியூட்டன். 20 சதவீதக் கலவைக்கும் 40 சதவீதக் கலவைக்கும் 2 நியூட்டன் வித்தியாசம் வந்தால், அது கசடின் வேலையா, கியூப்களின் இயல்பான சிதறலா என்று மூன்று கியூபை வைத்துச் சொல்ல முடியாது. ஆறு கலவைக்கு ஆறு பட்டை வரைந்த வரைபடம் பார்க்க நிறைவாக இருக்கும். மூன்றே கலவையாக்கி, கலவைக்குக் கூடுதல் கியூப் போட்டால் வரைபடம் சின்னதாகும், எண்களை நம்பலாம்.

பேராசிரியரால் இவ்வளவு எழுத முடிந்ததற்கு மாணவியின் மெயில்தான் காரணம். குழியின் அளவைச் சொல்லியிருக்காவிட்டால் கூழாங்கல் பிழை வெளியே வந்திருக்காது. மோல்டு ஆறு, வாரம் ஒரு நாள் என்று எழுதியிருக்காவிட்டால் பிப்ரவரி 10 என்ற தேதியைக் கணக்கிட்டிருக்க முடியாது. தப்பான 1,500 கூட உதவியிருக்கிறது. எண் இருந்ததால்தான் திருத்த முடிந்தது.

நான்கு நாள் கழித்து மாணவி பதில் அனுப்பினார். அனுமதிக் கடிதத்தின் போட்டோ, திறந்த குழியின் போட்டோ, கீழே சில வரிகள்: “மேடம், பக்கத்துக் குழியில் மூன்றாவது குடம் ஒன்றரை மணி நேரத்தில் வடிந்தது. மழைநீர்க் குழியில் 310 லிட்டர் ஊற்றும்போதே வாய் வரை வந்துவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தோம், நான்கு விரல்கூட இறங்கவில்லை. கூழாங்கல்லுக்கு மேல் ஒரு சாண் வண்டல். படிவத்தில் புதுத் தலைப்பை எழுதிவிட்டோம். கையெழுத்துக்கு எப்போது வரலாம்?”